வங்கியில் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு?

தனியார் கம்பெனி ஒன்றில் பணம் போட்டவருக்கு அதன் கணக்கைக் காட்டச் சொல்லி இந்தியச் சட்டம் கட்டாயப்படுத்துவது ஆண்டுக்கு ஒருமுறைதான். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, மார்ச் 31இல் முடியும் நிதியாண்டின் தணிக்கை செய்த கணக்கைச் செப்டம்பர் 30க்குள் பொதுக்குழுவில் வைத்தால் போதும். ஓர் ஏப்ரலில் நடந்த சறுக்கல் பங்குதாரர் கண்ணில் பட அடுத்த ஆண்டு செப்டம்பர் ஆகிவிடலாம். ஏழெட்டு மாதச் செலவுக்கு மட்டுமே பணம் வைத்திருக்கும் ஸ்டார்ட்அப் என்றால், கணக்கு வரும்போது கம்பெனியே இருக்காது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் மாதக் கடிதம் வந்தது. மாதம் முடிந்த பத்து நாளுக்குள் நிறுவனர் தன் முதலீட்டாளர் எல்லோருக்கும் அனுப்பும் ஒரு பக்க மின்னஞ்சல் அது. சட்டம் இதைக் கேட்பதில்லை. சிலர் பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறார்கள். பலர் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மாதிரிக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். கணக்கு புரிவதற்காக உருவாக்கிய எடுத்துக்காட்டுதான் இது. கோயம்புத்தூரில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். திருப்பூரின் சிறிய பவர் டேபிள் யூனிட்டுகளுக்கு, எந்த பண்டில் எந்த மெஷினில் நிற்கிறது, யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று செல்போனில் காட்டும் மென்பொருளை விற்கிறார்கள். யூனிட் ஒன்றுக்கு மாதம் 8,000 ரூபாய். பதினொரு ஏஞ்சல் முதலீட்டாளர்கள் சேர்ந்து ஒன்றரைக் கோடி போட்டிருக்கிறார்கள்.

ஜூன் மாதக் கடிதத்தை நிறுவனர் இரண்டு விதமாக எழுதலாம். முதல் விதம்: “ஜூன் நல்ல மாதம். ஏழு புதிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மொத்தம் 64. பெரிய ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுடன் பேச்சு முன்னேறுகிறது. உங்கள் ஆதரவுக்கு நன்றி.” இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் படித்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இரண்டாவது விதம் வங்கியிலிருந்து தொடங்கும். மே 31இல் கணக்கில் 68 லட்சம் இருந்தது. ஜூனில் வசூலானது 4.1 லட்சம், செலவு 12.6 லட்சம். ஜூன் 30இல் மிச்சம் 59.5 லட்சம். ஆக அந்த மாதம் கையிலிருந்து கரைந்தது 8.5 லட்சம். இதைத்தான் தொழிலில் பர்ன் என்கிறார்கள். 59.5ஐ 8.5ஆல் வகுத்தால் ஏழு வருகிறது. இப்படியே போனால் ஜனவரி கடைசியில் பணம் தீர்ந்துவிடும். இந்த ஏழுக்கு ரன்வே என்று பெயர். அனுபவப்பட்ட முதலீட்டாளர் கடிதத்தைத் திறந்ததும் தேடுவது இந்த ஓர் எண்ணைத்தான்.

இங்கேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் வாங்கிய 18 சதவீத ஜிஎஸ்டி அடுத்த மாதம் 20ஆம் தேதி கட்டும்வரை கம்பெனிக் கணக்கில்தான் கிடக்கும். சம்பளத்தில் பிடித்த டிடிஎஸ் 7ஆம் தேதி வரை கிடக்கும். இரண்டும் அரசாங்கத்தின் பணம். மாதக் கடைசி இருப்பை அப்படியே எடுத்து எழுதினால் ரன்வே நீண்டு தெரியும். நேர்மையான கடிதம் அவற்றைக் கழித்துவிட்டே எழுதும், கழித்ததை ஒரு வரியில் சொல்லியும் விடும்.

அடுத்தது விற்பனை. 64 யூனிட்டுகள், தலா 8,000 என்றால் மாத வருமானம் 5.12 லட்சம் ஆக வேண்டும். வசூலானதோ 4.1 லட்சம்தான். பில் போட்ட தொகையும் கைக்கு வந்த தொகையும் வேறு வேறு. ஒரு லட்சத்துக்கு மேல் நிலுவை நிற்கிறது என்றால், யூனிட்காரர்களுக்கு மேலேயிருந்து பேமெண்ட் தாமதமாகிறதா, இல்லை மென்பொருளை அவர்கள் பயன்படுத்தவே இல்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு. பில் தொகையை மட்டும் எழுதும் கடிதத்தில் இந்தக் கேள்வியே எழாது.

எல்லாவற்றிலும் முக்கியமான எண் அந்த 64க்குள் ஒளிந்திருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் 62 பேர். ஏழு பேர் வந்தார்கள், ஐந்து பேர் போனார்கள். 62இல் ஐந்து என்பது மாதத்துக்கு 8 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் மாதம் 8 சதவீதம் பேர் விலகினால், இன்று இருக்கும் நூறு பேரில் ஓராண்டு கழித்து 37 பேர்தான் மிஞ்சுவார்கள்.

இதைவிடக் கொடுமையான கணக்கு ஒன்று உண்டு. மாதம் 12.6 லட்சம் செலவை ஈடுகட்ட 158 வாடிக்கையாளர்கள் வேண்டும். மாதம் இரண்டு பேர் கூடுகிறார்களே, மெதுவாகவாவது 158ஐத் தொட்டுவிடலாம் என்று தோன்றும். தொட முடியாது. வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடக்கூட, அதில் 8 சதவீதமும் கூடும். 87 பேரை எட்டும்போது மாதம் ஏழு பேர் விலகுவார்கள். புதிதாக வருபவர்களும் ஏழு பேர்தான். எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும். விற்பனையாளர் எவ்வளவு அலைந்தாலும், விலகல் குறையாதவரை இந்தக் கம்பெனிக்குக் கூரை 87தான்.

அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் என்ற ஸ்டார்ட்அப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம் 2015இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய செலவும் இன்றைய வளர்ச்சி வேகமும் அப்படியே நீடித்தால், புதுப் பணம் இல்லாமல் கம்பெனி லாபத்தைத் தொடுமா, அதற்குமுன் செத்துவிடுமா என்று கேட்டார். பாதி நிறுவனர்களுக்குத் தாங்கள் எந்தப் பக்கம் என்றே தெரிவதில்லை என்பது அவர் கண்டது. நம் மாதிரிக் கம்பெனி எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. முதல் விதமாகக் கடிதம் எழுதியிருந்தால் முதலீட்டாளருக்கு மட்டுமல்ல, எழுதியவருக்கே அது தெரிந்திருக்காது.

தெரிந்தால் வழி பிறக்கும். விலகலை 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் கூரை 175ஆக உயரும். கூடவே செலவை 9 லட்சமாகக் குறைத்தால் 113 வாடிக்கையாளர்களே போதும். அதை எட்ட ஏறக்குறைய பதினைந்து மாதம் ஆகும். வசூல் ஒழுங்காக வந்தால் கையிலிருக்கும் பணம் அதுவரை தாங்கும். இரண்டும் கடினம், ஒன்பது பேரில் இரண்டு மூன்று பேரை அனுப்ப வேண்டியிருக்கும். ஏழு மாத ரன்வே இருக்கும்போது எடுத்தால் இது முடிவு. இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்போது எடுத்தால் வெறும் தவிப்பு.

சறுக்கலை எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. “சந்தை மந்தம்” என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. மாதிரிக் கடிதம் இப்படிச் சொல்லும்: “போன ஐந்து பேரில் மூன்று பேருக்கு ஆர்டர் இல்லை, மெஷின்கள் நிற்கின்றன. மற்ற இருவரிடம் ஆர்டர் இருக்கிறது. லைன் சூப்பர்வைசர் பண்டிலை ஸ்கேன் செய்ய மறுத்துவிட்டார். மே கடிதத்தில் உறுதியாகிவிட்டது என்று எழுதிய ஏற்றுமதி நிறுவனம் ஒர்க் ஆர்டர் தரவில்லை. வாய்ச்சொல்லை நான் ஆர்டராக எண்ணிவிட்டேன். இனி கையெழுத்தான பிறகே எழுதுவேன்.” என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்து என்ன என்ற மூன்றும் இதில் உண்டு. சூப்பர்வைசர் மறுத்தது விற்பனைப் பிரச்சினை அல்ல என்பதை ஆலை நடத்திய முதலீட்டாளர் ஒருவர் உடனே பிடித்துக்கொள்வார். பீஸ் கணக்கு வெளியே தெரிந்தால் யாருடைய பிடி தளரும் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியில் வருவது உதவிக் கோரிக்கை. பெரும்பாலான கடிதங்கள் கோட்டை விடுவது இங்கேதான். “நல்ல அறிமுகங்கள் இருந்தால் சொல்லுங்கள்” என்பதைப் படித்துவிட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். யாரும் அசைய மாட்டார்கள். எதைத் தேடுவது என்ற வேலையையும் முதலீட்டாளர் தலையிலேயே கட்டுவதால் வரும் விளைவு அது. “அவிநாசி ரோட்டில் 200 மெஷினுக்கு மேல் ஓடும் இந்த மூன்று நிறுவனங்களின் புரொடக்‌ஷன் மேனேஜரை அரை மணி நேரம் பார்க்க வேண்டும், ஜூலை 20க்குள், நீங்கள் அப்படியே ஃபார்வர்ட் செய்ய ஐந்து வரிச் செய்தி கீழே இருக்கிறது” என்று எழுதினால் கதை வேறு. படித்த இரண்டாவது நிமிடம் ஒருவர், “தம்பி, ரெண்டாவது பேரு நம்ம சம்பந்தி மில்லு. நாளைக்குப் பேசிடறேன்” என்று பதில் போடலாம்.

ஒரு கடிதத்துக்கு இப்படி இரண்டு, மிஞ்சினால் மூன்று கோரிக்கைகள் போதும். இந்த நிறுவனர் இன்னொன்றும் கேட்கிறார்: மாதச் சந்தாவை வாடிக்கையாளர் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டைச் சிறு தொழில்களிடம் நடத்திப் பார்த்தவர் யாராவது அரை மணி நேரம் பேச வேண்டும். மேலே நின்ற ஒரு லட்சம் நிலுவைக்கான கேள்வி இது. எண்ணிலிருந்து பிறந்த கோரிக்கை என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. சென்ற மாதம் உதவியவர் பெயரையும் அதனால் விளைந்ததையும் ஒரு வரி எழுதினால், அடுத்த முறை மற்றவர்களும் கை நீட்டுவார்கள்.

எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. மின்னஞ்சல் கைமாறும். தனி ஆட்களின் சம்பளம், பெயர் சொல்ல வேண்டாமென்ற வாடிக்கையாளர், வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருக்கும் தகராறு இவற்றை போனில் சொல்வதே நல்லது.

கணக்கு தள்ளிப்போவதன் விலை என்ன என்பதை நாடே பார்த்தது. பைஜூஸ் நிறுவனத்தின் 2021 மார்ச்சில் முடிந்த ஆண்டுக் கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது. நஷ்டம் 4,500 கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த ஆண்டின் கணக்கும் இழுத்தடித்த நிலையில், 2023 ஜூனில் தணிக்கையாளரான டெலாய்ட் விலகியது. முதலீட்டாளர்களின் பிரதிநிதிகளாக இயக்குநர் குழுவில் இருந்த மூவரும் விலகினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் கார் பழுதுபார்ப்பு ஸ்டார்ட்அப்பான கோமெக்கானிக், நிதிக் கணக்குகளில் தவறு நடந்ததை நிறுவனர் வாயாலேயே ஒப்புக்கொண்டு, ஊழியர்களில் சுமார் 70 சதவீதம் பேரை வெளியே அனுப்பியது.

சின்னக் கம்பெனிகளில் சிக்கல் இவ்வளவு சத்தத்தோடு வருவதில்லை. “பணம் கட்டும் வாடிக்கையாளர்கள்” என்று மூன்று மாதம் எழுதியவர் நான்காம் மாதம் “பதிவு செய்த வாடிக்கையாளர்கள்” என்று எழுதுவார். வங்கி இருப்பு இருந்த இடத்தில் விருது விழாப் படம் வரும். 8ஆம் தேதி வந்த கடிதம் 25ஆம் தேதிக்குத் தள்ளிப் போகும், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்றாகும், பிறகு வராது. கடிதம் வராத மாதமே போன் போட்டுவிட வேண்டும்.

உறவுக்காரப் பையன் கம்பெனிக்கு ஐந்து லட்சம் கொடுக்கும் யோசனை உங்களுக்கு இருந்தால், பணம் போகும் முன்பே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் வங்கி இருப்பு, மாதச் செலவு, மாத வசூல், வந்த வாடிக்கையாளர், போன வாடிக்கையாளர் ஆகிய ஐந்து எண்களும் எழுத்தில் வர வேண்டும். தயங்கினால் காசோலையைக் கிழிக்காமல் பையிலேயே வைத்திருங்கள்.