கல்லும் கலவையும் – 11: ஐந்து மில்லிமீட்டர்

செங்கல் வேகும் பக்குவத்தை முடித்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். செஞ்சிக் கோட்டையின் சுண்ணாம்புச் சாந்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஊருக்குள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு வீட்டுச் சுவர் என்னைப் பிடித்துக்கொண்டது.

 

ஒரு கல் கனச் சுவர் அது. ஒரு வரி நீளவாக்கில், அடுத்த வரி குறுக்குவாக்கில். கொத்தனார்கள் இங்கிலீஷ் பாண்டு என்பார்கள். மேல்வரிக் கல், கீழே இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வரும் பாரம் இரண்டாகப் பிரிந்து இறங்கும். நிலை மூட்டுகள் நேருக்கு நேர் நின்றால், பார்வைக்குச் சுவர். நடப்பில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் தனித்தனித் தூண்கள். அஸ்திவாரம் ஓரிடத்தில் சற்று இறங்கினாலும் விரிசல் மூட்டு வழியே நேராக ஏறிவிடும். இழுப்பைத் தாங்கும் பலம் கலவைக்கு மிகக் குறைவு.

கல் 19க்கு 9 சென்டிமீட்டர், மூட்டு ஒன்று. நீள வரியில் மூட்டு 20, 40 என்று விழும். குறுக்கு வரியில் 10, 20, 30. இரண்டும் 20இல் மோதுகின்றன! அதனால் மூலைக்கல்லுக்கு அடுத்து, நீளவாக்கில் பிளந்த பாதிக்கல் ஒன்றைச் செருகுகிறார்கள். பெயர் குயின் குளோசர். மூட்டுகள் 15, 25, 35 என்று நகர்ந்துவிடும். 20க்கு இருபுறமும் ஐந்து சென்டிமீட்டர் பிடிப்பு.

இனிதான் என் தூக்கத்தைக் கெடுத்த கணக்கு. கலவையை ஒன்றுக்குப் பதில் ஒன்றரை சென்டிமீட்டராகத் தடிப்பாகப் போட்டால்? நீளக் கல் ஒன்றுக்கு 20.5. அதற்கு ஈடான குறுக்குக் கல் இரண்டுக்கு 21, ஏனென்றால் அங்கே மூட்டும் இரண்டு. கல்லுக்கு அரை சென்டிமீட்டராக விலகி, பத்தாவது கல்லில், மூலையிலிருந்து இரண்டு மீட்டர் சொச்சத்தில், அந்த ஐந்து சென்டிமீட்டர் பிடிப்பு முழுதும் தீர்ந்துபோகிறது. மூட்டின் மேல் மூட்டு! மூலையில் எல்லாம் ஒழுங்கு, தப்பு நடுச்சுவரில். நான் பார்த்த சுவரிலும் அங்கேதான் இருந்தது. நல்ல கொத்தனார் ஓட ஓட நூலையும் தூக்குக்குண்டையும் வைத்து, ஒன்று விட்டு ஒரு வரியின் மூட்டு நேர்க்கோட்டில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்.

தடிப்பு மூட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. பாரம் ஏறும்போது கலவை பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். ஒட்டியிருக்கும் கல்லையும் இழுத்துப் பிளக்கும். அளக்க எளிய வழி: நாலு கல்லைக் கலவையில்லாமல் அடுக்குங்கள். கட்டிய நாலு வரி அதைவிட நாலு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால் கைநிறையக் கலவை போட்டிருக்கிறார் என்று பொருள். பூச்சு ஏறுவதற்குள் அளந்துவிடுங்கள்.

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலும் களஞ்சியமும் பின்பற்றுவது வேறு தர்மம்: சிமெண்டு போல் விறைக்காமல், மெதுவாக இறுகி, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும் சுண்ணாம்பு. அதில் மூட்டுக் கணக்கே மாறும். அடுத்த வாரம், நிச்சயமாக.