கல்லாவில் நிற்பவர்தான் கடை

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் உள்ள ஒரு ஸ்டார்பக்ஸ் கடைக்கு இரண்டு கறுப்பின இளைஞர்கள் வந்தார்கள். தொழில் விஷயமாக ஒருவரைச் சந்திக்க வேண்டியிருந்ததால், அவர் வரும்வரை எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடையின் மேலாளர் போலீசுக்குப் போன் செய்தார். இருவருக்கும் கைவிலங்கு மாட்டி அழைத்துச் சென்றதை அங்கிருந்த வாடிக்கையாளர் ஒருவர் செல்போனில் படம் பிடிக்க, அது உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த மாதம் 29ஆம் தேதி பிற்பகலில் நிறுவனம் அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட தன் கடைகளை மூடி, ஊழியர்களுக்கு இனப் பாகுபாடு பற்றிய பயிற்சி நடத்தியது.

அந்தக் கடையின் காபியில் எந்தக் குறையும் இல்லை. ஒரு கடையில், ஒரே ஒருவர் எடுத்த முடிவு அது. ஆனால் செய்தியைப் படித்தவர்களுக்கு அந்த ஒருவர்தான் ஸ்டார்பக்ஸ். காபிக் கடைத் தொழிலின் அடிப்படை உண்மை இது. முதலாளி லோகோவுக்கும் உள்ளலங்காரத்துக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார். வாடிக்கையாளரோ கல்லாவில் நிற்பவர் தன்னை எப்படி நடத்தினார் என்பதைத்தான் வீட்டில் போய்ச் சொல்கிறார். அப்படியிருந்தும் பல கடைகளில் அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

இதை ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் நியூயார்க்கின் டேனி மேயர். 1985இல் யூனியன் ஸ்கொயர் கஃபே என்ற உணவகத்தைத் திறந்தவர். பின்னாளில் ஷேக் ஷாக் என்ற தொடரையும் உருவாக்கினார். ஆள் எடுப்பதில் அவர் வைத்த கணக்கு எளிமையானது. நூற்றுக்கு 49 பங்கு வேலைத்திறனுக்கு, 51 பங்கு மனப்பான்மைக்கு. தட்டை எந்தப் பக்கமிருந்து வைப்பது, பால் எந்தச் சூட்டில் நுரைக்கும் என்பதெல்லாம் கற்றுத் தரக்கூடியவை. அடுத்தவர் மீது இயல்பான அக்கறை, புதியதை அறியும் ஆர்வம், நேர்மை, தன் மனநிலை மற்றவரை எப்படிப் பாதிக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றைப் பயிற்சி வகுப்பில் ஊட்ட முடியாது என்பது அவர் கருத்து.

சரி, மனப்பான்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ‘உங்களுக்குப் பொறுமை உண்டா?’ என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. நன்றாகப் பேசுபவர், சிரித்த முகத்தோடு வருபவர் நேர்காணலில் ஜெயித்துவிடுகிறார். அமைதியான அறையில் முதலாளியிடம் காட்டும் பணிவும், காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் முகம் தெரியாதவரிடம் காட்டும் பணிவும் ஒன்றல்ல. அதனால் மேயரின் உணவகங்களில், விண்ணப்பித்தவரை உண்மையான வேலை நேரத்தில் அனுபவமுள்ள ஊழியரோடு நிற்க வைத்துப் பார்த்தார்கள். லண்டனில் தொடங்கிய பிரெட் ஏ மாஞ்ஜே காபி, சாண்ட்விச் கடைகளில் பல ஆண்டுகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புதியவர் ஒரு நாள் கூலியோடு வேலை செய்வார். அவரை வைத்துக்கொள்வதா என்று அந்தக் கடை ஊழியர்களே வாக்களிப்பார்கள்.

சிறிய கடைகளும் இதைச் செய்யலாம். கோவையில் முப்பது இருக்கைகள் கொண்ட ஒரு கஃபேயில் கல்லாவுக்கு ஆள் தேவை என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே உரிமையாளர் மூன்று வரி எழுதிக்கொள்ள வேண்டும். ‘அன்பானவர்’ என்று எழுதினால் ஆளுக்கொரு பொருள் வரும். கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுத வேண்டும். வரிசையில் நிற்பவரை நிமிர்ந்து பார்த்துத் தலையசைக்கிறாரா? தவறாகப் போன ஆர்டரை வாதாடாமல் மாற்றித் தருகிறாரா? கூட்டம் குறைந்ததும் யாரும் சொல்லாமலே மேஜையைத் துடைக்கிறாரா?

அடுத்தது நேர்காணல். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்க வேண்டும். நடந்து முடிந்ததைக் கேட்பது நல்லது: ‘கடைசியாக ஒருவர் உங்களிடம் கோபப்பட்டபோது என்ன நடந்தது? அவர் என்ன சொன்னார்? நீங்கள் என்ன செய்தீர்கள்?’ முன் அனுபவம் இல்லாதவர் வீட்டிலோ கல்லூரியிலோ நடந்ததைச் சொல்லட்டும். உண்மையாக நடந்ததைச் சொல்பவரிடம் விவரங்கள் வரும். புனைந்து சொல்பவர் இரண்டாவது கேள்வியிலேயே ‘நான் எப்பவுமே அப்படித்தான் சார்’ என்று பொதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

மூன்றாவது, கூலி கொடுத்து நான்கு மணி நேரச் சோதனை வேலை. அதை நெரிசல் வேளையில் வைக்க வேண்டும். நம் ஊர் கஃபேக்களில் ஒரு நல்ல உரைகல் உண்டு: பார்சலுக்காகக் காத்து நிற்கும் டெலிவரி ஊழியர். இரண்டு பேர் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறார், லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர்களிடம் கலகலப்பாக இருக்கிறார். ஆனால் ஹெல்மெட்டோடு நிற்பவர் இரண்டு முறை கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருவர் அதிகம் பேசவில்லை. ‘அண்ணா, இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும், உட்காருங்க’ என்று சொல்லித் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். பில் போடுவதில் ஒரு தவறும் செய்கிறார். பில் போடுவதை இரண்டு நாளில் கற்றுவிடலாம். தன்னால் லாபமில்லாதவரையும் மனிதராகப் பார்ப்பது அவருடனேயே வந்த குணம். தேர்ந்தெடுக்க வேண்டியவர் இரண்டாமவர்.

கூட வேலை பார்த்தவர்கள் அந்த மூன்று வரிகளுக்கும் தனித்தனியாக ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகுதான் கூடிப் பேச வேண்டும். முதலில் பேசினால் மூத்தவரின் கருத்துக்குப் பின்னால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

எழுதி வைப்பதற்கு இன்னொரு முக்கியமான காரணமும் இருக்கிறது. ‘நம்ம கடைக்குப் பொருந்துவாரா’ என்ற கேள்வி எளிதில் ‘நம்மைப் போல் இருக்கிறாரா’ என்று மாறிவிடும். நிறம், சாதி, மதம், ஊர், ஆங்கில உச்சரிப்பு எல்லாம் ‘பொருத்தம்’ என்ற போர்வையில் உள்ளே நுழையும். அமெரிக்காவின் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் துணிக்கடை நிறுவனம், தன் தோற்ற விதிக்குப் பொருந்தாது என்று, தலையில் முக்காடு அணிந்த முஸ்லிம் பெண்ணுக்கு வேலை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2015இல் தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராக வந்தது. எழுதிய மூன்று செயல்களில் எதில் குறைந்தார் என்று சொல்ல முடியாவிட்டால், ஒருவரைப் ‘பொருந்தவில்லை’ என்று அனுப்பக் கூடாது.

இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தவரும் ஆறு மாதத்தில் முகம் சுளிக்கத் தொடங்கினால், தேர்வு தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பத்து மணி நேரம் நின்றபடி சிரிப்பது உடலையும் மனதையும் அரைக்கும் உழைப்பு. ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983லேயே இதை விளக்கி நூல் எழுதினார். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்கூட இல்லாத கடையில் இன்முகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கடை திறக்கப் போகிறவர்களுக்கும் நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆளை எடுக்கும்முன் அந்த மூன்று வரிகளை எழுதுங்கள். சோதனை வேலைக்கு உரிய கூலியைக் கொடுங்கள். அந்த நான்கு மணி நேரமும் நீங்களும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.