காலால் உந்தினால்தான் கிளம்பும் ஸ்கூட்டர்

மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் சிலருக்கு இந்தத் தொல்லை பழக்கமாகியிருக்கும். சிக்னலில் நின்ற வண்டி ஆக்சிலரேட்டரைத் திருகினாலும் அசையாது. காலால் லேசாக உந்தினால் கிளம்பிவிடும், ஆனால் உதறிக்கொண்டே போகும். பேட்டரி போச்சு, மோட்டார் எரிஞ்சுபோச்சு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கோளாறு ஒரு சின்ன சென்சாரில் இருக்கலாம். அது எப்படி என்று புரிய, சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் சுற்றும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த மோட்டாரின் வெளிவளையத்தில் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அவை சக்கரத்தோடு சுற்றும். நடுவில் அசையாமல் இருப்பவை செப்புச் சுருள்கள். அவற்றை மூன்று குழுவாகப் பிரித்து மூன்று தடித்த வயர்களில் வெளியே கொண்டுவந்திருப்பார்கள். அவற்றின் நிறம் பெரும்பாலும் மஞ்சள், பச்சை, நீலம். எந்த நேரத்திலும் ஒரு வயரில் மின்சாரம் நுழைந்து இன்னொன்றில் வெளியேறும்; மூன்றாவது சும்மா இருக்கும். இப்படி ஆறே விதமாகத்தான் ஓட்ட முடியும்.

இதற்காகக் கன்ட்ரோலருக்குள் வயருக்கு இரண்டாக ஆறு மாஸ்ஃபெட் சுவிட்சுகள் உண்டு. மேல் சுவிட்ச் வயரை பேட்டரியின் பிளஸ்ஸோடு சேர்க்கும், கீழ் சுவிட்ச் மைனஸோடு. ஒரே வயரின் இரண்டும் சேர்ந்து திறந்துவிட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகி, கண்ணிமைப்பதற்குள் மாஸ்ஃபெட் வெடித்துவிடும்.

பழைய மோட்டார்களில் எந்தச் சுருளுக்கு மின்சாரம் என்பதை கார்பன் பிரஷ் பார்த்துக்கொண்டது. இங்கே பிரஷ் இல்லை. அதனால் காந்தம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல, சுருள்களுக்கு இடையே மூன்று ஹால் சென்சார்கள் வைக்கப்பட்டுள்ளன. (எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவுதான் இவற்றின் அடிப்படை.) எதிரே ஒரு துருவம் வந்தால் சென்சார் 1 என்று சொல்லும், மறு துருவம் வந்தால் 0 என்று சொல்லும். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்றின் பதிலையும் சேர்த்து கன்ட்ரோலர் படிக்கிறது.

ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். பதில் 101 என்றால் மின்சாரம் மஞ்சளில் நுழைந்து பச்சையில் வெளியேறும். காந்தம் சற்று நகர்ந்ததும் பதில் 100 ஆகும். இப்போது மஞ்சளிலிருந்து நீலத்துக்கு. அடுத்து 110, பச்சையிலிருந்து நீலத்துக்கு. பிறகு 010, பச்சையிலிருந்து மஞ்சளுக்கு. 011 வந்தால் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு. 001 வந்தால் நீலத்திலிருந்து பச்சைக்கு. மறுபடி 101. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு சென்சார்தான் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த மோட்டாரில் 000, 111 இரண்டும் வரவே கூடாது.

சுருளின் காந்தப்புலம், சக்கரத்தின் காந்தத்துக்கு 120 பாகை முன்னால் நின்று இழுக்கும். இடைவெளி 60 பாகையாகக் குறைந்ததும் சென்சார் மாற, புலம் மறுபடி 120க்குத் தாவிவிடும். இழுவிசை உச்சமாக இருக்கும் 90 பாகையை ஒட்டியே ஆட்டம் நடக்கும். இது மின்கோணக் கணக்கு. 23 ஜோடிக் காந்தங்கள் கொண்ட மோட்டாரில் சக்கரம் ஒருமுறை சுற்ற 138 படிகள் ஆகும். சக்கரச் சுற்றளவு 1.3 மீட்டர், வேகம் 40 கி.மீ. என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 1,200 படிகள்.

இப்போது நீல சென்சார் பழுதாகி எப்போதும் 1 என்றே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 101, 011, 001 மூன்றிலும் வித்தியாசம் தெரியாது. 100 வரவேண்டிய இடத்தில் 101 வரும், 010இன் இடத்தில் 011 வரும். தவறான சுருள்களுக்கு மின்சாரம் போவதால் அந்த இரண்டு படிகளிலும் சராசரி இழுவிசை பாதியாகிவிடும். 110 வரவேண்டிய இடத்தில் வருவது 111. அது கூடாத பதில் என்பதால் கன்ட்ரோலர் எல்லாச் சுவிட்சையும் மூடிவிடும். வண்டி அந்தப் படியில் நின்றுபோயிருந்தால் எவ்வளவு திருகினாலும் கிளம்பாது. உந்தி அடுத்த படிக்குக் கொண்டுபோனால்தான் உயிர் வரும்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியைத் திருப்பி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், சென்சாரின் மெல்லிய கறுப்பு வயரில் ஒரு முனையை வையுங்கள். மறுமுனையை மஞ்சள், பச்சை, நீல மெல்லிய வயர்களில் ஒவ்வொன்றாக வைத்து சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். 0 வோல்ட்டுக்கும் சுமார் 5 வோல்ட்டுக்கும் மாறிமாறி வந்தால் அந்த சென்சார் வேலை செய்கிறது. மாறாமல் நிற்கும் வயர்தான் பிரச்சினை. சென்சாரே போயிருக்கலாம், ஆக்சிலின் துளை வழியே வரும் வயர் முறுக்கி அறுந்திருக்கலாம், தண்ணீரும் இறங்கியிருக்கலாம்.

இன்னொன்று: கன்ட்ரோலரை மாற்றும்போது நிறத்துக்கு நிறம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும். தப்பான வரிசையில் மோட்டார் உறுமும், அல்லது சுமையே இல்லாமலும் ஏராளமாக மின்சாரம் குடித்துப் பின்பக்கமாகச் சுற்றும். ஆகவே முதல் சோதனையைச் சக்கரம் தரையில் படாமல், ஆக்சிலரேட்டரை மிக லேசாகத் திருகிச் செய்யுங்கள். மோட்டாரை மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம், மூன்று சென்சாரையும் அளந்து பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.