எட்டாம் நாள் காய்ச்சல்

ஒன்றரை மாதத்தில் தொடையில் பென்டாவேலன்ட் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய குழந்தைக்கு அன்று ராத்திரியே உடம்பு சுடும். இரண்டு நாளில் தணிந்துவிடும். ஒன்பது மாதம் முடிந்து வலது கையில் எம்.ஆர். ஊசி போட்ட குழந்தையோ அன்றிரவு நிம்மதியாகத் தூங்கும். ஒரு வாரம் வரை ஒன்றும் தெரியாது. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ சிலருக்கு மட்டும் திடீரென்று காய்ச்சல் வரும், மணல் தூவினாற்போல் உடம்பில் மெல்லிய தடிப்பும் தெரியும். ஊசி போட்டதே வீட்டில் மறந்துபோயிருக்கும். பாட்டி தடிப்பைப் பார்த்துவிட்டு "அம்மை போட்டிருக்கு" என்பார். பாட்டி சொல்வது பாதி சரி.

எம்.ஆர். என்பது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி. அதில் இருப்பது உயிருள்ள வைரஸ். ஆய்வகத்தில் மறுபடி மறுபடி வளர்த்து, நோயை உண்டாக்கும் வீரியம் குன்றிப்போன வைரஸ். அரை மில்லி மருந்தில் போவது கொஞ்சம்தான். அது உடம்புக்குள் பெருகினால்தான் வேலை நடக்கும். பெருகுவதற்கு ஒரு வாரம் ஆகிறது, அந்தப் பெருக்கத்தை உடம்பு கண்டுகொண்டதன் அடையாளமே எட்டாம் நாள் காய்ச்சல். பென்டாவேலன்ட்டில் பெருகக்கூடியது எதுவுமில்லை. கொல்லப்பட்ட கக்குவான் கிருமி, நஞ்சு முறிக்கப்பட்ட தொண்டை அடைப்பான், ரணஜன்னி நச்சுப் புரதங்கள், இன்னும் இரண்டு கிருமிகளின் துண்டுகள். போட்ட அன்றைக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான், பிறகு குறையுமே தவிரக் கூடாது. அதனால் உடம்பின் பதில் அன்றிரவே வந்துவிடுகிறது.

எந்த வயதில் எந்த ஊசி, யாருக்குப் போடக் கூடாது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே விடை கிடைக்கும்.

தட்டம்மைக்கும் கொல்லப்பட்ட வைரஸால் ஊசி செய்து பார்த்திருக்கிறார்கள். 1963இல் அமெரிக்காவில் இரண்டு வகையும் அனுமதி பெற்றன. உயிருள்ள வகையில் காய்ச்சல் அதிகம் என்பதால் ஃபார்மலினில் கொன்ற வகை பாதுகாப்பானதென்று பலருக்குத் தோன்றியது. மூன்று தவணை போட்டார்கள். ஆனால் அது தந்த எதிர்ப்பு சில ஆண்டுகளில் வடிந்துபோனது. பிற்பாடு உண்மையான தட்டம்மை தொற்றியபோது, ஊசி போட்ட பிள்ளைகளில் சிலருக்கு அது வேறு உருவத்தில் வந்தது: கடும் காய்ச்சல், நுரையீரல் பாதிப்பு, முகத்தில் தொடங்க வேண்டிய தடிப்பு கைகால்களில் தொடங்கி உள்நோக்கிப் பரவியது. 1967இல் அந்த ஊசியைக் கைவிட்டார்கள். அரைகுறையாகப் பழக்கப்பட்ட உடம்பு, பழக்கப்படாத உடம்பைவிட மோசமாகத் தடுமாறக்கூடும் என்று அப்போது தெரிந்தது. அன்றிலிருந்து தட்டம்மைக்கு உயிருள்ள ஊசி மட்டும்தான்.

உயிருள்ளது பெருக வேண்டும் என்றால், பெருக விடாமல் தடுப்பது எது என்று பார்க்க வேண்டும். அங்கேதான் ஒன்பது மாதத்தின் ரகசியம் இருக்கிறது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. தாய்க்கு எப்போதோ தட்டம்மை வந்திருந்தாலோ ஊசி போட்டிருந்தாலோ, அந்த எதிர்ப்பும் கூடவே போகும். குழந்தை இதைத் தானாகத் தயாரிப்பதில்லை, அதனால் செலவாகச் செலவாகக் குறைந்துகொண்டே வரும். தோராயமாக மாதத்துக்குப் பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிறந்தபோது 512 பங்கு இருந்தால் மூன்றாம் மாதம் 64, ஆறாம் மாதம் 8, ஒன்பதாம் மாதம் 1. இந்தச் சீதனம் குழந்தையை உண்மையான தட்டம்மையிலிருந்து காக்கும். ஆனால் ஊசியில் வருவது வீரியம் குறைந்த வைரஸ் என்று அதற்குத் தெரியாது, அதையும் பெருகவிடாமல் பிடித்துவிடும். மூன்று மாதக் குழந்தைக்கு எம்.ஆர். போட்டால் காய்ச்சலும் வராது, பெரும்பாலும் பயனும் இருக்காது.

அப்படியானால் கடைசித் துளியும் வற்றும்வரை காத்திருக்கலாமே என்று தோன்றும். 12 மாதத்தில் போட்டால் நூற்றில் 95 குழந்தைகளுக்கு எதிர்ப்பு உண்டாகிறது, 9 மாதத்தில் போட்டால் 85 பேருக்குத்தான். கணக்கு மட்டும் பார்த்தால் 12 மாதமே மேல். ஆனால் நோய் நடமாடும் ஊரில், தாயின் கையிருப்பு தீர்ந்து ஊசியும் போடாத அந்த இடைப்பட்ட மாதங்களில் குழந்தை வெறுங்கையோடு நிற்கிறது.

இலங்கை இதை நேரில் கண்டது. 2011இல் அங்கே சின்னமுத்து எனப்படும் தட்டம்மைக்கான ஊசியின் முதல் தவணையை ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குத் தள்ளினார்கள். நோய் வெகுவாகக் குறைந்திருந்த நாடு அது, முடிவில் தவறு சொல்ல முடியாது. 2013-14இல் சின்னமுத்து மீண்டும் பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளே பெருமளவு. 2015இல் முதல் தவணை மறுபடி ஒன்பதாம் மாதத்துக்கு வந்தது. அட்டையில் அச்சடித்திருக்கும் மாதம் உடற்கூறு மட்டும் சொல்லும் எண் அல்ல, அந்த ஊரில் நோய் எவ்வளவு நடமாடுகிறது என்பதும் சேர்ந்து போட்ட கணக்கு அது.

ஒன்பதில் போட்டுத் தவறவிட்ட 15 பேர் என்ன ஆவார்கள்? அவர்களுக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. பலரும் இதை பூஸ்டர் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. ஏற்கெனவே எதிர்ப்பு வந்த 85 பேருக்கு இது பெரிதாக எதையும் கூட்டப்போவதில்லை. மிச்சமிருக்கும் 15 பேரில் 14 பேரையாவது பிடிப்பதற்கான இரண்டாவது வலை இது. அந்த 15 பேர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் எல்லோருக்கும் போடுகிறோம்.

பென்டாவேலன்ட்டின் 6, 10, 14 வாரக் கணக்கு இதற்கு நேர்மாறானது. கக்குவான் இருமல் மிகச் சின்னக் குழந்தையைத்தான் கொல்கிறது, அதற்கெதிராகத் தாய் தரும் கையிருப்போ கொஞ்சம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். எனவே காத்திருக்க நேரமில்லை. உள்ளே போவது பெருகப்போவதில்லை என்பதால் தாயின் ஆன்டிபாடி அதை அவ்வளவாக முடக்குவதுமில்லை. ஆனால் ஒரே தவணை போதாது. முதல் ஊசி உடம்புக்கு ஆளை அறிமுகம் செய்து வைக்கிறது. அதற்கேற்ற செல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சீர்ப்பட வாரக்கணக்கில் ஆகும், நான்கு வாரத்துக்குள் அடுத்ததைப் போட்டால் பதில் மந்தமாகும். தாமதமானாலோ அந்தக் கவலையில்லை. பத்தாம் வார ஊசிக்கு ஐந்தாம் மாதம் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. நினைவு செல்கள் காத்திருக்கும். காத்திருக்காதது நோய்தான்.

இனி, யாருக்குப் போடக் கூடாது என்பது. உயிருள்ள ஊசிக்கு உள்ள ஆபத்து அதன் வேலையிலிருந்தே வருகிறது: பெருகுகிறது, பெருகுவதை நிறுத்த உடம்பால் முடிய வேண்டும். பிறவியிலேயே நோய் எதிர்ப்பு மண்டலம் இல்லாத குழந்தை, புற்றுநோய் மருந்து எடுக்கும் குழந்தை, எச்.ஐ.வி.யால் எதிர்ப்பு கடுமையாகக் குன்றிய குழந்தை, சிறுநீரக நோய்க்காகத் தினமும் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசலோனை இரண்டு வாரமோ அதிகமோ சாப்பிடும் குழந்தை ஆகியோருக்கு எம்.ஆர். போடக் கூடாது. பிரெட்னிசலோன் குழந்தைக்கு அந்த மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கழித்துப் போடலாம். வீசிங்குக்கு இன்ஹேலர் இழுப்பது இந்தக் கணக்கில் வராது.

பிறந்த உடனே போடும் பி.சி.ஜி.யும் உயிருள்ளதுதான். எதிர்ப்பு மண்டலம் இல்லாத சிசுவின் உடம்பெங்கும் அது பரவிவிடும். பிறந்த அன்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் "முன்னால் பிறந்த குழந்தை ஏதாவது கிருமித்தொற்றில் தவறிப்போச்சாம்மா?" என்ற ஒரு கேள்வி எச்சரிக்கை தரும். ஆம் என்றால் பரிசோதிக்கும்வரை பி.சி.ஜி.யை நிறுத்தி வைக்க வேண்டும். சளி இருக்கா என்று கேட்பதைவிட இந்தக் கேள்வி எவ்வளவோ முக்கியம்.

கொல்லப்பட்ட ஊசிகளுக்கு இந்த அச்சமே கிடையாது. கீமோ எடுக்கும் குழந்தைக்கும் அவற்றால் தொற்று வராது, பலன் குறையலாம், அவ்வளவுதான். இரு வகைக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு: முந்தைய தவணையில் மூச்சுத் திணறலும் ரத்த அழுத்தச் சரிவுமாகக் கடும் ஒவ்வாமை வந்திருப்பது. பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் நேர்வது அது. பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான். கக்குவான் உள்ள ஊசிக்குப் பின் ஏழு நாளுக்குள் வேறு காரணமில்லாமல் மூளை பாதிப்பு வந்திருந்தால் அந்த ஊசியை மறுபடி போடுவதில்லை.

புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் கேட்கும் காரணங்கள் அநேகமாக இந்தப் பட்டியலில் இருக்காது. மூக்கு ஒழுகுது, லேசா உடம்பு சுடுது, இரண்டு தடவை வயித்தால போச்சு, ஆன்டிபயாடிக் சிரப் ஓடுது, குழந்தை குறைமாசம், எடை ஏறலை, முட்டை சேராது. இவற்றில் எதற்கும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எடை ஏறாத குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் உயிர்போகும் வாய்ப்பு அதிகம், அதற்கு ஊசி முந்திக் கிடைக்க வேண்டும். எம்.ஆர். வைரஸ் வளர்வது ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில், நாம் உடைத்துச் சாப்பிடும் முட்டையின் புரதம் அதில் பொருட்படுத்தும் அளவில் இல்லை. சளிக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தை அடுத்த புதன் வரும் என்று எந்த உறுதியும் இல்லை, வரும்போது வேறு சளி பிடித்திருக்கும்.

ஆனால் யாரும் கேட்காமலே தவறிப்போகும் ஒரு காரணம் உண்டு. எட்டாம் மாதத்தில் காவாசாகி நோய் வந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஐந்து நாளைக்கு மேல் காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு. மருத்துவமனையில் எடையில் கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் நரம்பில் ஏற்றினார்கள். அது ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஆன்டிபாடி. குழந்தை தேறிவிட்டது. ஒன்பதாம் மாதம் சுகாதார நிலையத்துக்கு வரும்போது துள்ளி விளையாடுகிறது, போடக் கூடாத காரணம் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் தாயிடமிருந்து வந்து தீர்ந்துபோன கையிருப்பை முகம் தெரியாத பெரியவர்கள் பலர் சேர்ந்து மறுபடி நிரப்பியிருக்கிறார்கள். இப்போது எம்.ஆர். போட்டால் ஆபத்தில்லை, வீண். அட்டையில் மட்டும் 'போட்டாயிற்று' என்று ஏறும், குழந்தைக்குப் பாதுகாப்பு வந்திருக்காது. அந்த அளவு ஏற்றியிருந்தால் 11 மாதம் பொறுக்க வேண்டும்.

அன்றைக்குப் போட வேண்டிய நிமோகாக்கல் ஊசியும் போலியோ ஊசியும் உயிரற்ற வகை. அவற்றைத் தள்ளிப்போடக் காரணமில்லை. இரண்டையும் போட்டுவிட்டு, எம்.ஆர். கட்டத்தைக் காலியாக விட்டு, பத்தொன்பதாம் மாதத்துக்கான தேதியை அதன் பக்கத்தில் நர்ஸம்மா பேனாவால் எழுதுகிறார். "அது வரைக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டை இந்த அட்டையோடயே வச்சிரும்மா" என்கிறார்.