சொல்லுக்கு இரண்டு ரூபாய்

மதுரையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கும் ஒரு பெண்ணின் கதை இது. 10,000 சொற்கள் கொண்ட இயந்திரக் கையேட்டுக்கு ஒரு நிறுவனம் தருவதாகச் சொன்னது சொல்லுக்கு 60 பைசா, மொத்தம் 6,000 ரூபாய். திருத்தத்தோடு நாளுக்கு 2,000 சொற்கள்தான் அவரால் முடியும். ஆக, ஐந்து நாள் உழைப்புக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய்.

அவர் கோபப்படவில்லை. "என் கட்டணம் சொல்லுக்கு 2 ரூபாய். உங்கள் தொகைக்குள் வேண்டுமென்றால் முக்கியமான 3,000 சொற்களைச் செய்து தருகிறேன்" என்று எழுதினார். வேலையைக் குறைத்தாரே தவிர விலையைக் குறைக்கவில்லை. இந்த மறுப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நிறுவனம் வேறு ஆளிடம் போனது.

சில மாதங்கள் கழித்து அதே நிறுவனம் திரும்பி வந்தது. மலிவாகச் செய்த கையேட்டில் எச்சரிக்கை வாசகங்களே தவறாக இருந்தனவாம். இந்த முறை பேரம் 60 பைசாவில் தொடங்கவில்லை. அவர் எழுதிவைத்த 2 ரூபாயில் தொடங்கியது. அவசர வேலை என்பதால் இரண்டரை ரூபாய் கேட்டார், இரண்டேகாலில் முடிந்தது.

அவர் கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருந்தது. அது இல்லாதவர்கள் குறைந்த கூலியை ஏற்க நேர்ந்தாலும், தங்கள் வழக்கமான கட்டணத்தை முதலில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.