கமரா வைஃபையில் சேரவில்லையா? ரவுட்டரைப் பாருங்கள்

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் சிறிய வைஃபை கமராக்கள் சிலவேளை வீட்டு இணைப்பில் சேர மறுக்கின்றன. பழுதென்று ஒதுக்குமுன் ரவுட்டரைப் பார்ப்பது நல்லது.

பல ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளை ஒரே பெயரில் தருகின்றன. எந்தக் கருவி எதில் சேர வேண்டுமென்று ரவுட்டரே பார்த்துக்கொள்ளும். இந்த வசதி Smart Connect அல்லது Band Steering என்ற பெயரில் இருக்கும். கருவிகளை வேகமான 5-க்குத் தள்ளுவதற்காக, 2.4-இல் வரும் அழைப்புக்குச் சில ரவுட்டர்கள் சற்றுநேரம் பதில் தராது. கைபேசி 5-க்குப் போய்விடும். 2.4 மட்டுமே உள்ள மலிவான கமரா தோற்றுப்போய் நின்றுவிடும்.

கல்லடியில் தனியாக இருக்கும் என் பெரியம்மா வீட்டில் முதலில் என் கைபேசியின் ஹொட்ஸ்பொட்டை 2.4-க்கு மாற்றிக் கமராவை இணைத்தேன். உடனே சேர்ந்தது, ஆகவே கமரா நல்லது. பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் Smart Connect-ஐ நிறுத்தினேன். பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் 2.4-க்கே விட்டு, 5-க்கு மட்டும் புதுப் பெயர் வைத்தேன். இப்படிச் செய்தால் ஏற்கெனவே 2.4-இல் உள்ள கருவிகளைத் திரும்ப இணைக்கத் தேவையில்லை. கமராவும் சேர்ந்தது.

அப்படியும் சேராவிட்டால், 2.4-இன் பாதுகாப்பு WPA3 என்றிருக்கிறதா பாருங்கள்; பழைய கருவிகளுக்கு WPA2 வேண்டும். சேர்ந்தபின் அடிக்கடி அறுந்தால் அது பெரும்பாலும் தூரமும் சுவரும் செய்யும் வேலை, இந்த வசதியை நிறுத்துவதால் தீராது. இன்னொன்று: பெயரைப் பிரித்தபின் கைபேசி தானாக மாறுமென்று நம்ப முடியாது. 5 சரியாக எட்டாத பின்னறையில் நாமே 2.4-ஐத் தெரிவுசெய்ய வேண்டிவரலாம்.