யாருக்கும் பொருந்தும் வாக்கியம்

பணிநிறைவு மலர், பள்ளி ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர் என எதைப் புரட்டினாலும் கட்டுரைகளின் முதல் பத்தியை எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கும். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள்தான், நேரில் பேசினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். பேனாவை எடுத்ததும் அந்தக் குரல் எங்கோ போய்விடுகிறது.

ஓய்வு பெறும் ஒரு தமிழாசிரியரைப் பற்றி உடன் வேலை பார்த்தவர் இப்படி எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“பணியில் சேர்ந்த அனைவரும் ஒருநாள் ஓய்வு பெற்றே ஆக வேண்டும் என்பது காலத்தின் நியதி. அந்த வகையில், நம் பள்ளியின் தமிழாசிரியர் அவர்கள் தமது 32 ஆண்டுகாலப் பணியை நிறைவு செய்கிறார். அர்ப்பணிப்பு உணர்வோடு தம் பணியைச் செவ்வனே ஆற்றியவர் என்றால் அது மிகையாகாது. மாணவர் நலனில் பெரிதும் அக்கறை கொண்டவர் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை.”

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தமிழாசிரியர் என்பதை எடுத்துவிட்டு உடற்கல்வி ஆசிரியர் என்று போட்டுப் பாருங்கள், ஒரு சொல்லும் உறுத்தாது. நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். ஆளை மாற்றியும் வாக்கியம் அப்படியே நிற்கிறதென்றால் அது அவரைப் பற்றிய வாக்கியம் அல்ல. இந்தப் பத்தியில் அவருக்கென்று மிஞ்சுவது அந்த 32 ஆண்டு மட்டும்தான்.

இந்தத் தொடர்கள் நம் கைக்குத் தானாக வருவதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் முன்னுரை இல்லாத கட்டுரைக்கு மதிப்பெண் குறையும். மேடையிலோ இவற்றுக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. “அந்த வகையில்” என்று இழுக்கும் நேரத்தில் பேச்சாளர் அடுத்ததை யோசித்துக்கொள்கிறார், கூட்டமும் அடங்குகிறது. தாளில் யாரும் அடங்க வேண்டியதில்லை. படிக்க உட்கார்ந்தவர் தயாராகத்தான் இருக்கிறார்.

எனவே முதல் வாக்கியத்தை முழுதாக அடித்துவிடலாம். “அந்த வகையில்” அதோடு போகும். ஆனால் எல்லா இணைப்புச் சொற்களையும் வெட்டிவிடக் கூடாது. “ஆனால்”, “அதனால்” போன்றவை இரண்டு வாக்கியங்களுக்கு இடையே உள்ள உறவைச் சொல்கின்றன. எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பொருள் குழம்பினால் அந்தச் சொல் இருக்க வேண்டும், ஒன்றும் ஆகவில்லை என்றால் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் கட்டுரை தந்தி வாசகம்போல் ஆகிவிடும்.

“மிகையாகாது”, “எள்ளளவும் ஐயமில்லை” இரண்டும் இன்னொரு வகை. சொன்னதற்குச் சான்று இல்லாதபோது அந்த இடத்தை நிரப்ப வருபவை. இவற்றை நீக்கினால் மட்டும் போதாது, அங்கே வர வேண்டியதைத் தேட வேண்டும். எழுதியவரிடமே கேட்கலாம்: “அக்கறைன்னு எழுதியிருக்கீங்களே சார், அப்படி என்ன செஞ்சாரு?” பெரும்பாலும் பதில் உடனே வரும். “சிறப்பு வகுப்பு முடிஞ்சா கடைசி பஸ் ஏழு பத்துக்குத்தான். பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் ஏறுற வரைக்கும் அவரும் ஸ்டாப்பிலேயே நிப்பாரு. அவரு வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடிதான்.”

கட்டுரை இதுதான். எழுத்துக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும்:

“எங்கள் தமிழாசிரியர் 32 ஆண்டு வேலை பார்த்தார். அவர் வீடு பள்ளிக்குப் பின்னால்தான். ஆனாலும் சிறப்பு வகுப்பு நாட்களில் ஏழு பத்து பஸ்ஸில் மாணவிகள் எல்லோரும் ஏறும்வரை நிறுத்தத்தில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.”

அக்கறை என்ற சொல் இதில் இல்லை. உடற்கல்வி ஆசிரியரின் பெயரை இதில் போடவும் முடியாது. இங்கே “ஆனாலும்” என்பதை எடுத்துப் பாருங்கள், அவர் நின்றதன் அருமை பாதி போய்விடும்.

இயல்பாக இருக்கட்டும் என்று “பாருங்க”, “சும்மா சொல்லக் கூடாது” என்றெல்லாம் சிலர் தூவுகிறார்கள். அவையும் யாருக்கும் பொருந்தும் சொற்கள்தான், பேச்சுத் தமிழில் இருப்பதால் சொந்தக் குரல் ஆகிவிடாது. கல்யாணப் பத்திரிகையின் “நிகழும் மங்களகரமான” வேறு கணக்கு. அது சடங்கின் மொழி, மாறாமல் இருப்பதுதான் அதன் வேலை. அதைத் தொட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எழுதும்போதே இவற்றைத் துரத்தினால் கை ஓடாது. வருவதையெல்லாம் எழுதி முடித்துவிடுங்கள். மறுநாள் முதல் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து வாய்விட்டுப் படியுங்கள். எதுவும் குறையாகத் தெரியவில்லை என்றால் முதல் பத்தி இல்லாமலே மலர்க்குழுவுக்கு அனுப்பிவிடுங்கள்.